சுவரில் காடி வெட்டும் முன்: பத்தாம் வகுப்பில் ஒரு வீட்டு வரைபடச் செயல்பாடு

பத்தாம் வகுப்பு அறிவியலில் மின்னோட்டவியல் பாடத்தில் வீட்டு மின்சுற்று வருகிறது. மெயின் போர்டு, எம்.சி.பி., புவித்தொடர்பு, பக்க இணைப்பு ஆகியவற்றைப் பிள்ளைகள் படித்துவிடுகிறார்கள், படமும் வரைந்துவிடுகிறார்கள். ஆனால் அந்தப் படத்தில் சுவர் இல்லை, கதவு இல்லை, கட்டில் இல்லை. சுவிட்சு எந்தச் சுவரில், தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு அந்தப் படத்தில் இடமே கிடையாது. வீடு கட்டுகிறவர்களுக்கோ முதலில் வரும் கேள்வியே அதுதான்.

விருதுநகர் மாவட்டத்தில் எங்கள் பள்ளியைச் சுற்றியுள்ள ஊர்களில் இப்போது கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீடுகள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. 360 சதுர அடி வீடு. அரசு தரும் தொகை 3.50 லட்சம் ரூபாய். அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளம், மீதி 60 சதுர அடிக்கு வேறு வகைக் கூரை போட்டுக்கொள்ளலாம். பெற்றோரில் பலர் பட்டாசு ஆலைக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் போகிறவர்கள். வயரிங் வேலை நடக்கும் நாளில் வீட்டில் பெரியவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள். வயரிங்காரர் தம் வழக்கப்படி போர்டுகளை வைத்துவிட்டுப் போவார். பூச்சு முடிந்த பிறகு இடம் மாற்ற வேண்டுமானால் சுவரை உடைக்க வேண்டும். அதற்குத் திட்டத்தில் பணம் இல்லை. அப்படிப்பட்ட ஒரு வீட்டின் அளவுகளை எடுத்துக்கொண்டு நான்கு பாடவேளைகளில் செய்த செயல்பாடு இது.

வீட்டின் வெளியளவு 15 அடி அகலம், 24 அடி நீளம். முன்னால் 4 அடித் தாழ்வாரம். அதன் பின்னால் 15-க்கு 20 அடியில் கான்கிரீட் பகுதி. வெளிச்சுவர் 9 அங்குலம். முன்பக்கம் பதின்மூன்றரை அடிக்கு 9 அடியில் ஒரு ஹால். பின்பக்கம் 8 அடி அகலப் படுக்கையறையும் ஏறக்குறைய 5 அடி அகலச் சமையலறையும். இரண்டும் 9 அடி நீளம். அறைகளுக்கு நடுவே நாலரை அங்குலச் சுவர். கழிப்பறை பின்னால் தனியே இருக்கிறது.

ஒரு அடிக்கு ஒரு சென்டிமீட்டர் என்ற அளவில் வரைந்தால் வீடு 15-க்கு 24 செ.மீ. ஆகி, ஒரு வரைபடத்தாளில் அடங்கிவிடும். சுவர்களையும் கதவுகளையும் சன்னல்களையும் வரையச் சொன்னேன். கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதைக் கால்வட்டமாகக் காட்ட வேண்டும். பிறகு கட்டில், பீரோ, டி.வி. மேசை, பிரிட்ஜ், அரிசி டிரம் ஆகியவற்றை அதே அளவில் அட்டையில் வெட்டித் தாளின்மேல் வைக்க வேண்டும். அதுவரை ஒரு சுவிட்சைக்கூடக் குறிக்கக் கூடாது என்பது விதி. ஆர்வத்தில் முதலிலேயே போர்டு வரைந்த குழுக்கள் பீரோவை வைக்கும்போது இடமில்லாமல் தவித்தன. நிஜ வீட்டிலும் நடப்பது இதுதானே! பீரோவுக்குப் பின்னால் சிக்கிய சாக்கெட், கட்டிலுக்குக் கீழே போன சாக்கெட், அதனால் அறைக்கு நடுவே ஓடும் எக்ஸ்டென்ஷன் வயர் ஆகியவற்றைத் தங்கள் வீடுகளிலேயே பிள்ளைகள் கண்டு எழுதி வந்தார்கள். (வீட்டில் போர்டைக் கழற்றவோ தொடவோ கூடாது, தரையிலிருந்து உயரத்தை டேப்பால் அளந்தால் போதும் என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்ப வேண்டும்.)

முதல் போர்டுக்கு இடம் சொல்வது கதவுதான். கதவின் கீல் இருக்கும் பக்கச் சுவரில் போர்டு வைத்தால், திறந்த கதவு அதை மறைத்துவிடும். இருட்டில் உள்ளே வருகிறவர் கதவைச் சாத்திவிட்டுத்தான் விளக்கைப் போட முடியும். ஆகவே தாழ்ப்பாள் பக்கத்தில், நிலைக்காலிலிருந்து அரை அடி தள்ளி வைக்க வேண்டும். சில நேரம் தாழ்ப்பாள் பக்கம் போதிய சுவர் இருக்காது. இந்த வீட்டின் படுக்கையறைக் கதவு அப்படித்தான் மூலையை ஒட்டி இருந்தது. ஒரு குழு கதவின் கீலையே மறுபக்கத்துக்கு மாற்றி வரைந்தது. காகிதத்தில் அதற்கு ஒரு அழிப்பான் போதும். நிலை வைக்கும் முன் தச்சரிடம் சொன்னால் நிஜத்திலும் செலவில்லை.

உயரம் பற்றித்தான் வகுப்பில் அதிக விவாதம் நடந்தது. பழைய வீடுகளில் போர்டுகள் 5 அடியில் இருந்தன. குழந்தை தொடக் கூடாது என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். கூன் விழுந்த பாட்டிக்கும், சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும், மூன்றாம் வகுப்புத் தம்பிக்கும் அது எட்டாது. தம்பி நாற்காலியைப் போட்டு ஏறுவான். அது இன்னும் ஆபத்து. ஒவ்வொருவரும் வீட்டில் உள்ளவர்களின் தோள் உயரத்தையும், உட்கார்ந்தபடி கை எட்டும் உயரத்தையும் அளந்து வந்தார்கள். கடைசியில் போர்டின் நடுப்பகுதி 4 அடிக்கு மேல் போகக் கூடாது என்று முடிவானது. தாழ்வான சாக்கெட்டுகளை ஒரு அடி உயரத்தில் வைக்கலாம். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் துளைகளுக்கு உள்மூடி கொண்ட சாக்கெட்டாக வாங்க வேண்டும்.

நான்கு அடி என்றால் எங்கிருந்து நான்கு அடி? இதைக் கேட்டபோது வகுப்பு அமைதியாகிவிட்டது. காடி வெட்டும் நேரத்தில் தரை வெறும் மண் நிரப்பலாகத்தான் இருக்கும். அதன்மேல் ஜல்லிக் கான்கிரீட், கலவை, டைல்ஸ் எல்லாம் சேர்ந்து அரை அடிகூட ஏறிவிடும். அன்றைய தரையிலிருந்து அளந்து வைத்த 4 அடிப் போர்டு, குடிபோகும்போது மூன்றரை அடியில் இருக்கும். மேடு பள்ளமான மண்ணிலிருந்து ஒவ்வொரு அறையிலும் தனித்தனியே அளந்தால், ஒரே வீட்டில் ஒவ்வொரு போர்டும் ஒரு மட்டத்தில் நிற்கும். நல்ல கொத்தனார் இதற்கு டியூப் லெவல் பிடிப்பார். ஒளிபுகும் குழாயில் நீர் நிரப்பி, முடிந்த தரைமட்டத்துக்கு மேல் சரியாக 3 அடியில் ஒரு கோட்டை எல்லாச் சுவர்களிலும் போடுவார். பிறகு எல்லா உயரத்தையும் அந்தக் கோட்டிலிருந்துதான் அளக்க வேண்டும். தொடர்புள்ள நீர்ப்பரப்புகள் ஒரே மட்டத்தில் நிற்கும் என்பதைச் சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல கருவி எது? பத்து மீட்டர் குழாயும் ஒரு குடம் தண்ணீரும் வைத்து வகுப்பறையின் நான்கு சுவர்களிலும் கோடு போட்டோம். குழாயில் காற்றுக் குமிழி இருந்தால் மட்டம் பொய் சொல்லும் என்பதையும் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள்.

ஹாலில் மின்விசிறியும் விளக்கும் முதலில் முடிவாக வேண்டும். விசிறியின் பெட்டியும் கொக்கியும் கூரைக் கம்பிகளோடு கட்டப்பட்டு, கான்கிரீட் ஊற்றும்போதே உள்ளே போய்விடுகின்றன. கூரைக்குள் ஓடும் பைப்பும் அப்படியே. அதனால் மின்திட்டம் தயாராக வேண்டிய நாள் பூச்சுக்கு முந்தைய நாள் அன்று. தளம் போடுவதற்கு முந்தைய நாள். லிண்டல் மட்டம் முடிந்தவுடனே தாளைக் கையில் எடுத்துவிட வேண்டும். கூரை 10 அடி உயரம் என்றால், விசிறி இறக்கைகள் 9 அடி அளவில் சுழலும்; குறைந்தது 8 அடியாவது இருக்க வேண்டும். விளக்கைக் கூரையில் விசிறிக்கு அருகில் வைத்தால், சுழலும் இறக்கை ஒளியை வெட்டி வெட்டி விடும். புத்தகம் படிப்பவருக்கு அது பெரிய தொல்லை. சுவரில் ஏழரை அடியில் வைத்தால் விளக்கு இறக்கைகளுக்குக் கீழே வந்துவிடுகிறது, துடிப்பும் இல்லை.

படுக்கையறைக்கு இரு வழி சுவிட்சு. கதவருகே ஒன்று, கட்டிலின் தலைமாட்டில் இரண்டரை அடி உயரத்தில் ஒன்று, இரண்டாலும் ஒரே விளக்கைப் போடவும் அணைக்கவும் முடியும். செல்போன் சார்ஜருக்கான சாக்கெட்டும் தலைமாட்டிலேயே. இரண்டு சுவிட்சுகளும் ஒரே நிலையில் இருந்தால் விளக்கு எரியும், வெவ்வேறு நிலையில் இருந்தால் அணையும் என்று நான்கு வாய்ப்புகளையும் அட்டவணையாக எழுதச் சொன்னேன். ஆனால் திட்டமிடுதலில் நினைவில் வைக்க வேண்டியது வேறொன்று: இரண்டு சுவிட்சுகளுக்கும் இடையே தனியாக இரண்டு வயர்கள் ஓட வேண்டும். பைப் பதித்த பிறகு இந்த எண்ணம் வந்தால் அந்த வயர்களுக்கு வழி இருக்காது.

நேரம் அதிகம் செலவானது சமையலறையில்தான். மேடையின் உயரம் ஏறக்குறைய 2¾ அடி. மேடை 2 அடி அகலத்தில் நீளச் சுவரை ஒட்டிப் போகிறது. பல வீடுகளில் இங்கே ஒரு விளக்கு, அதுவும் மேடைக்கு எதிர்ச்சுவரில் இருக்கும். இதைக் கணக்காகவே போட்டுப் பார்த்தோம். எதிர்ச்சுவர் மேடைச் சுவரிலிருந்து 5 அடி தூரம். விளக்கு 7 அடி உயரம். சமைப்பவர் மேடைச் சுவரிலிருந்து இரண்டரை அடியில் நிற்கிறார், தலை 5 அடி உயரம். விளக்கிலிருந்து தலைவரை ஒளிக்கதிர் இரண்டரை அடி நகர்ந்து 2 அடி இறங்குகிறது. மேலும் இரண்டரை அடி நகர்ந்து மேடைச் சுவரை அடையும்போது இன்னொரு 2 அடி இறங்கி 3 அடி உயரத்தில் படும். மேடையோ 2¾ அடி. அதாவது தலையின் நிழல் மேடையையும் தாண்டிச் சுவரில் விழுகிறது; அதற்கு இப்புறம் அவருக்கு முன்னால் உள்ள மேடை முழுவதும் உடம்பின் நிழலில் இருக்கிறது. எண்ணெய் கொதிக்கும் சட்டியும் காய் நறுக்கும் கத்தியும் இருக்கும் இடம் அது! ஒரு மாணவி, “அதான் டீச்சர், எங்கம்மா செல் லைட்டப் போட்டுக்கிட்டுச் சமைக்குது” என்றாள். விளக்கை மேடைச் சுவரிலேயே பரணுக்குக் கீழே வைத்தால் அவருடைய நிழல் பின்னால் விழும். பரண் எங்கே வருகிறது என்பதும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். பரணுக்கு மேலே போன விளக்கு சாமான்களுக்குத்தான் வெளிச்சம் தரும்.

மேடைக்கு மேல் ஒரு அடியில், அதாவது தரையிலிருந்து 3¾ அடியில், மிக்சிக்கும் கிரைண்டருக்கும் சாக்கெட்டுகள் வரும். தண்ணீர்த் தொட்டிக்கு மேலும் அடுப்புக்கு மேலும் கூடாது. ஒன்றில் தண்ணீர் தெறிக்கும். மற்றதில் எரியும் அடுப்பைத் தாண்டிக் கை நீட்ட வேண்டியிருக்கும், வயரும் சூட்டில் உருகும்.

சமையலறை விளக்கின் சுவிட்சை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு எங்கள் பகுதிப் பிள்ளைகள் பாடநூலில் இல்லாத ஒரு விடையிலிருந்து வந்தார்கள். “எங்கம்மா வேல பாக்குற ரூம்ல சுவிட்சே கெடையாது டீச்சர்” என்றான் ஒருவன். பட்டாசு ஆலையில் மருந்து செலுத்தும் அறைகளில் பகல் வெளிச்சத்தில்தான் வேலை நடக்கிறது. காரணம் சுவிட்சுக்குள் இருக்கிறது. மின்சுற்றைத் துண்டிக்கும்போது விலகும் இரண்டு உலோகத் தொடுமுனைகளுக்கு இடையே ஒரு நொடிக்கும் குறைவான நேரம் பொறி தோன்றும். வீட்டில் அது கவலைப்படும் விஷயம் இல்லை. அலுமினியத் தூளும் மருந்தும் மிதக்கும் அறையில் அது உயிரைக் குடிக்கும். ஆணியில் நிறைய சுற்றுகள் சுற்றிய மின்காந்தத்தை நான்கு உலர் மின்கலங்களோடு இணைத்து, இருட்டிய அறையில் வயரை விலக்கிக் காட்டினால் இந்தப் பொறியை வகுப்பிலேயே பார்க்கலாம்.

தீபாவளிக் காலத் தற்காலிகப் பட்டாசுக் கடைகளுக்கு வெடிபொருள் விதிகள் 2008-இல், 84-ஆவது விதி மின்புள்ளிகளின் இடத்தையே பேசுகிறது. எண்ணெய் விளக்கும் எரிவாயு விளக்கும் கூடாது. மின்விளக்கு வைத்தால் சுவரிலோ கூரையிலோ பொருத்தியிருக்க வேண்டும். வயரில் தொங்கக் கூடாது. சுவிட்சுகள் சுவரில் அசையாமல் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு கடை வரிசைக்கும் ஒரு மாஸ்டர் சுவிட்சு இருக்க வேண்டும். ஆடும் வயரில் இணைப்பு தளரும், தளர்ந்த இணைப்பில் பொறி வரும் என்பதை அறிந்து எழுதிய விதி இது. கடைவீதியில் பிள்ளைகள் ஆண்டுதோறும் பார்க்கும் ஒன்று என்பதால் இதைப் பாடத்தில் சேர்த்தேன்.

சமையலறைக்கு இதை எப்படிக் கொண்டுவருவது? சிலிண்டரில் உள்ள எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோரமாகத் தேங்கும். எனவே தரையை ஒட்டிய தாழ்வான சாக்கெட்டும் சுவிட்சும் சமையலறையில் வேண்டாம். விளக்குக்கும் புகைபோக்கி விசிறிக்குமான சுவிட்சுகள் கதவுக்கு வெளியே ஹால் பக்கச் சுவரில் இருக்கட்டும் என்று வகுப்பு முடிவு செய்தது. இதனால், கையைப் பழக்கத்தில் சுவிட்சுக்குக் கொண்டுபோகும் முன்பே வாசலில் நின்று வாடையை உணர வாய்ப்பு இருக்கிறது. வாடை வந்தால் எந்தச் சுவிட்சையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. கதவு சன்னலைத் திறந்து, ரெகுலேட்டரை மூட வேண்டும். வெளியே இருக்கும் சுவிட்சுக்கும் இது பொருந்தும். அந்தச் சுவர் நாலரை அங்குலம்தான் என்பதால் இருபுறமும் ஒரே இடத்தில் பெட்டிகளை முதுகோடு முதுகாகப் பதிக்கக் கூடாது, சுவரே ஓட்டையாகிவிடும்.

கழிப்பறைக்கு ஒரு விளக்கு மட்டும். சுவிட்சு கதவுக்கு வெளியே, மழை படாதபடி சன்ஷேடுக்கு அடியில். குளியலறையில் 130 செ.மீ.-க்குக் கீழே சாக்கெட் கூடாது என்பது கட்டட விதித்தொகுப்பில் உள்ள அளவு. இந்த வீட்டில் உள்ளே சாக்கெட்டே வைக்கவில்லை.

எல்லாம் குறித்த பிறகு புள்ளிகளை எண்ணினோம். தாழ்வார விளக்கு, ஹால் விளக்கு, விசிறி, டி.வி., பிரிட்ஜ், போர்டு சாக்கெட் என்று முன்பக்கம் ஆறு. படுக்கையறை விளக்கு, விசிறி, இரண்டு சாக்கெட், சமையலறை விளக்கு, புகைபோக்கி விசிறி, மிக்சி, கழிப்பறை விளக்கு என்று பின்பக்கம் எட்டு. கிரைண்டருக்கோ மின் அடுப்புக்கோ 16 ஆம்பியர் சாக்கெட் ஒன்று தனி. ஒரு விளக்குச் சுற்றில் பத்துப் புள்ளிகளுக்கு மேல், 800 வாட்டுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது வழக்கமான அளவு. பதினான்கையும் ஒன்றில் சேர்க்க முடியாது; முன்பக்கம் ஒரு சுற்று, பின்பக்கம் ஒரு சுற்று. ஒன்று விழுந்தாலும் மற்றப் பாதியில் வெளிச்சம் இருக்கும்.

பின்பக்கச் சுற்றில் மிக்சிதான் இடித்தது. மிக்சி 750 வாட், விசிறி 75, புகைபோக்கி 40, விளக்குகள் ஒவ்வொன்றும் 10 என மூன்று. கூட்டினால் 895 வாட், 800-ஐத் தாண்டிவிட்டது. மிக்சியை 16 ஆம்பியர் சுற்றுக்கு மாற்றினோம். அங்கே போதுமா? P = V × I. 750-ஐ 230-ஆல் வகுத்தால் 3.3 ஆம்பியர். 2000 வாட் மின் அடுப்புக்கு 8.7 ஆம்பியர். இரண்டும் ஒன்றாக ஓடினாலும் 12 ஆம்பியர்தான். இந்தச் சுற்றுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் வயர், விளக்குச் சுற்றுகளுக்கு 1.5. எல்லாவற்றுக்கும் முன்னால், மெயினில் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டிக்கும் கருவி ஒன்று. எம்.சி.பி. வயரைக் காக்கும், மனிதரைக் காப்பது இதுதான் என்ற வேறுபாட்டைப் பிள்ளைகளிடம் இரண்டு முறை சொல்ல வேண்டியிருக்கிறது.

முடிந்த வரைபடத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் இரண்டே எண்கள் இருக்க வேண்டும்: முடிந்த தரையிலிருந்து உயரம், அருகிலுள்ள மூலையிலிருந்தோ நிலைக்காலிலிருந்தோ தூரம். இந்த இரண்டும் இருந்தால் வீட்டுக்காரர் இல்லாத நாளிலும் வயரிங்காரர் சுண்ணக்கட்டியால் சுவரில் குறித்துவிடுவார். காடி வெட்டும் முன் மாலையில் போய், குறித்த இடங்களைக் கதவைத் திறந்து மூடிப் பார்த்துவிடலாம். பைப் போர்டிலிருந்து நேர் மேலே கூரைக்குப் போக வேண்டும், குறுக்கே சாய்வாகப் போகக் கூடாது; குறுக்கு வெட்டு சுவரைப் பலவீனப்படுத்தும், பின்னாளில் படம் மாட்ட ஆணி அடிப்பவருக்கு அது எங்கே ஓடுகிறது என்றும் தெரியாது. பூச்சுக்கு முன் ஒவ்வொரு சுவரையும் டேப் பிடித்தபடி செல்போனில் படம் எடுத்து, அறையின் பெயரை எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.